உடம்பு முழுக்க வலி, தொட்டாலே நோவு, ஆனால் வீக்கம் இல்லை, ரத்தச் சோதனையும் நார்மல்

ஓவர்லாக் அக்கா

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். வயது 41. மூன்று வருஷத்துக்கு மேலாக உடம்பு வலி. முதலில் கழுத்தும் தோள்பட்டையும்தான் வலித்தது. குனிந்தே உட்கார்ந்து தைக்கிறோம், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மேல்கை, முதுகு, இடுப்பு, தொடை என்று இறங்கிக்கொண்டே போனது. வலிக்கிற இடத்தை விரலால் அழுத்தினால் உயிர் போகிறது. பையன் மடியில் ஏறி உட்கார்ந்தால்கூட தொடை தாங்கவில்லை. கை வீங்கின மாதிரி இருக்கிறது, ஆனால் மோதிரம் எப்போதும் போல லூசாகத்தான் கழன்று வருகிறது.

தூக்கம் என்று பார்த்தால் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்குத்தான் எழுகிறேன். எழும்போது யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. வேலையில் பீஸ் எண்ணும்போது பாதியில் எண்ணிக்கை மறந்துபோகிறது.

பார்த்த சோதனைகள்: ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் நார்மல், இஎஸ்ஆர் 18, தைராய்டு நார்மல். வைட்டமின் டி மட்டும் 14 இருந்தது. வாரம் ஒரு 60,000 மாத்திரை எட்டு வாரம் போட்டேன், இப்போது 34. வலி அப்படியேதான் இருக்கிறது. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. போன வாரம் ஒரு டாக்டர் சீட்டில் ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார். அது என்ன, எதை வைத்துச் சொல்கிறார்கள்? கேள்விக்குறி ஏன்?

மருந்துக்கடை மதுரை

அக்கா, இதற்கு 18 புள்ளி என்று கணக்கு இருக்கிறது. பின்மண்டை, கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் உள்பக்கம் என்று உடம்பில் இரண்டு பக்கமும் சேர்த்து 18 இடம். கட்டைவிரலால் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினால் 11 இடத்தில் வலிக்க வேண்டும். வலித்தால் அதுதான், இல்லையென்றால் இல்லை. வீட்டில் யாரையாவது அழுத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கள் கடையில் இதற்கு பிரிகாபலின்தான் போகிறது. 75 வாங்கி ராத்திரி போட்டால் கேட்கும்.

நேர்ப்பேச்சு

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் சித்திக்கும் இப்படித்தான். வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததும் வலியும் போய்விட்டது. மனசைச் சரி பண்ணுங்கள்.

வாதப்பிரிவு

மூட்டுவாத மருத்துவம் படித்தவள். அரசு மருத்துவமனை ஓபியில் நிறைய வருஷம் இருந்தேன். உங்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் மதுரைத் தம்பிக்கு. 18 புள்ளியில் 11 என்பது 1990-ல் அமெரிக்க வாதவியல் கல்லூரி வகுத்த கணக்கு. நகம் வெளுக்கிற அழுத்தம் என்பதும் சரிதான், ஏறக்குறைய 4 கிலோ. ஆனால் 2010-லேயே வேறு முறை கொண்டுவந்தார்கள், 2016-ல் அதையும் திருத்தினார்கள். ஒரு டாக்டர் அழுத்துகிற மாதிரி இன்னொருவர் அழுத்துவதில்லை. ஒரே நோயாளிக்கு மோசமான வாரத்தில் 15 புள்ளியும் கொஞ்சம் நல்ல வாரத்தில் 8 புள்ளியும் வலிக்கும். அதற்காக இந்த வாரம் நோய் இருக்கிறது, அடுத்த வாரம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆண்களுக்குப் பொதுவாகவே அழுத்த நோவு குறைவாக இருப்பதால் அந்தக் கணக்கில் பல ஆண்கள் விட்டுப்போனார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்த 18 இடங்களில் தனியாக ஒரு கோளாறும் இல்லை. நெற்றியையோ கட்டைவிரல் நகத்தையோ அழுத்தினாலும் இவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கும். புள்ளிகள் நாம் அழுத்திப் பார்த்த இடங்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு இரண்டு கேள்வி. கடந்த ஏழு நாளில் எந்தெந்த இடம் வலித்தது என்று எழுதுங்கள். தாடை, தோள்பட்டை, மேல்கை, முன்கை, இடுப்பின் பக்கவாட்டு, தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றில் இடது வலது தனித்தனியாக. நெஞ்சு, வயிறு, கழுத்து, மேல் முதுகு, கீழ் முதுகு ஒவ்வொன்றும் ஒன்று. மொத்தம் 19 இடம். இரண்டாவதாக அசதி, விழித்தெழும்போது தெளிவில்லாமை, ஞாபகம் மற்றும் கவனத் தடுமாற்றம் மூன்றுக்கும் 0 முதல் 3 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி அல்லது பிடிப்பு, மனச்சோர்வு இருந்ததா என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

கொங்குத் தம்பி

டாக்டர் மேடம், எங்கள் அம்மாவுக்கும் இதே பிரச்சினை, வயது 68. இரண்டு மாதமாக இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் வலி. காலையில் கட்டிலை விட்டு எழவே ஒரு மணி நேரம் ஆகிறது, தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. வீக்கம் இல்லை. இஎஸ்ஆர் 78. இதுவும் ஃபைப்ரோமயால்ஜியாதானே? என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

ஓவர்லாக் அக்கா

எண்ணிப் பார்த்தேன் மேடம். கழுத்து 1, தோள்பட்டை 2, மேல்கை 2, மேல் முதுகு 1, கீழ் முதுகு 1, இடுப்பு 2, தொடை 2, கெண்டைக்கால் 2. மொத்தம் 13. விரல்களும் வலிக்கிறது, அதை எங்கே சேர்ப்பது? கெண்டைக்கால் போன மாதம்தான் அதிகம், இந்த வாரம் அவ்வளவாக இல்லை.

அசதி 2, எழும்போது தெளிவில்லாமை 3, ஞாபகம் 2. தலைவலி வாரத்தில் பாதி நாள் உண்டு. வயிறு பரவாயில்லை. மனச்சோர்வா என்று கேட்டால், வலியால் எரிச்சல் வருகிறது, அழுகையெல்லாம் இல்லை.

வாதப்பிரிவு

கொங்குத் தம்பி, முதலில் உங்களுக்கு. அம்மாவுக்கு நீங்கள் சொல்வது வேறு விஷயம், இந்த இழையோடு சேர்த்துவிடாதீர்கள். 50 வயதுக்கு மேல், சில வாரங்களில் கிடுகிடுவென்று வந்த தோள் இடுப்பு விறைப்பு, இஎஸ்ஆர் 78. இதில் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும், மற்ற காரணங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியா தானாக இஎஸ்ஆரை அப்படி ஏற்றாது. பாலிமயால்ஜியா என்றால் குறைந்த அளவு ஸ்டீராய்டிலேயே சில நாளில் கை மேலே போய்விடும். உடற்பயிற்சி இப்போது பேச்சே இல்லை, இந்த வாரமே காட்டுங்கள். புதிதாகத் தலைவலி, தலையில் சீப்பு பட்டால் நோவு, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரம் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே போங்கள். கண் போய்விடக்கூடிய ரத்தக்குழாய் அழற்சி சில பேருக்குக் கூடவே வரும்.

இப்போது அக்காவுக்கு. கடந்த ஏழு நாள் கணக்கு என்பதால் கெண்டைக்காலை விட்டுவிடுங்கள், 11 ஆகிறது. விரலுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் அதை வேறு காரணத்துக்காகப் பார்க்க வேண்டும். விரல் கணுக்களை நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திப் பார்ப்போம். முடக்குவாதத்தில் அங்கே பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், விரலை மடக்கினால் முழுசாக மூடாது, மோதிரம் இறுகும். உங்கள் மோதிரம் லூசாகக் கழல்கிறது என்றீர்களே, அது நல்ல தகவல். வீங்கின மாதிரி தோன்றுவதும் பார்த்தால் வீக்கம் இல்லாததும் இந்த நோயில் அடிக்கடி கேட்கிற புகார்.

அறிகுறி மதிப்பெண் 2, 3, 2 சேர்த்து 7, தலைவலிக்கு ஒன்று, ஆக 8. வலி இடங்கள் 7-க்கு மேல், அறிகுறி 5-க்கு மேல், வலி கை கால் இரண்டு பக்கமும் முதுகுத்தண்டுப் பக்கமும் பரவியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. 2016 கணக்கின்படி பொருந்துகிறது. வேறு நோய் இருந்தாலும் இது கூடவே இருக்கலாம் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. அதனால் உங்கள் டாக்டர் கேள்விக்குறி போட்டது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. கேட்டுவைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்தார்களா? வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மிருதுவானால் எலும்பையே அழுத்தினால் வலிக்கும், தரையிலிருந்து எழவும் படி ஏறவும் கஷ்டமாக இருக்கும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருக்கும். நம் ஊரில் அதை ஃபைப்ரோமயால்ஜியா என்று தவறாகச் சொல்லிவிடுவதுண்டு. இரண்டு, குறட்டை விடுகிறீர்களா? கொழுப்புக்கு மாத்திரை எடுக்கிறீர்களா?

நேர்ப்பேச்சு

சரி, மனசு இல்லை என்றால் வலி எங்கேயிருந்து வருகிறது? தசையிலும் இல்லை, மூட்டிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை என்கிறீர்கள்.

வாதப்பிரிவு

நியாயமான கேள்வி. 2002-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நோயாளிகள், நோயில்லாதவர்கள் இரு தரப்பினரின் கட்டைவிரல் நகத்தையும் கருவியால் அழுத்திக்கொண்டே மூளையை எம்ஆர்ஐ எடுத்தார்கள். நோயாளிகளுக்கு ஏறக்குறைய பாதி அழுத்தத்திலேயே மற்றவர்களுக்கு முழு அழுத்தத்தில் வருகிற வலி வந்தது. வாயால் மட்டும் சொல்லவில்லை, வலியைக் கையாளுகிற மூளைப் பகுதிகளும் அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே அதே மாதிரி விழித்துக்கொண்டன. கோயில் மைக்செட்டில் ஒலியை முழுசாகத் திருப்பி வைத்தால் பூசாரி தொண்டையைக் கனைத்தால்கூட தெருக்கோடி வரை கேட்கும் இல்லையா, அப்படி. பூசாரி சும்மா இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, கத்துகிறார் என்றும் சொல்ல முடியாது.

இந்த வகை வலிக்கு 2017-ல் நோசிப்ளாஸ்டிக் என்று தனிப் பெயரே வைத்தார்கள். காயத்தால் வருவது ஒன்று, நரம்பு அடிபட்டு வருவது ஒன்று, வலியைக் கடத்தும் முறையே மாறிப்போய் வருவது இது. உங்கள் சித்திக்கு வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததும் குறைந்தது என்றால் நம்புகிறேன். மன அழுத்தம் இந்த ஒலியை இன்னும் ஏற்றும். அதற்காக மன அழுத்தம்தான் நோய் என்று ஆகிவிடாது.

ஆனால் மூளை மட்டும்தான் என்றும் முடித்துவிட முடியாது. 2021-ல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புரதங்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூச ஆரம்பித்தன. தோலின் மெல்லிய நரம்பு நுனிகள் சில நோயாளிகளுக்குக் குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இல்லை. இதில் எது காரணம், எது விளைவு என்று எங்களுக்குள்ளேயே சண்டை ஓடுகிறது. இதை உறுதி செய்ய இன்றைக்கு ஒரு ரத்தச் சோதனையும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஸ்கார்பரோ வாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. எனக்கு இந்த வருத்தம் எண்டு சொல்லி கன காலம். தூக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால எழுதுறன். இஞ்ச டொரன்டோவிலதான் 1975 இல மோல்டோஃப்ஸ்கி எண்ட டொக்டரும் அவரோட ஆக்களும் அந்தப் பரிசோதனை செய்தவை. சுகமான ஆக்களை ஆழ்ந்த நித்திரைக்குப் போகவிடாமல், முழுசா எழுப்பாமல், சத்தம் போட்டுக் குழப்பினவை. சில இரவுகளிலேயே அவைக்கும் உடம்பு நோவும் அழுத்தினால் நோவும் வந்திட்டுது. கனவு வாற நித்திரையைக் குழப்பினாக்களுக்கு அப்படி வரேல்லையாம். என்ர டொக்டர் சொன்னதை வைச்சு எழுதுறன், பிழை எண்டால் திருத்துங்கோ.

எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் தந்தவை. நித்திரை கொஞ்சம் சரி, காலமை பதினொரு மணி மட்டும் தலை மந்தம், வாய் காய்ஞ்சு போகும். பிறகு இரவு ஏழு மணிக்கே குடிக்கத் தொடங்கினாப் பிறகு மந்தம் குறைஞ்சுது.

வாதப்பிரிவு

நீங்கள் சொன்னது சரிதான். ஆழ்ந்த தூக்கத்துக்குள் விழிப்பு நிலையின் மூளை அலைகள் வந்து கலப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் அது தெரிவதில்லை, வேறு சிலருக்கும் தெரிகிறது. அதனால் அது அடையாளம் ஆகவில்லை. இருந்தாலும் எட்டு மணி நேரம் படுத்தும் ஏன் அடித்துப் போட்ட மாதிரி எழுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தூக்கம் கெட்டால் வலி ஏறும், வலி ஏறினால் தூக்கம் கெடும். அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் இதற்குக் கொடுப்போம். அக்கா, சீட்டைப் பார்த்து மனநோய் மாத்திரை என்று பயப்படாதீர்கள். இதயத் துடிப்பில் கோளாறு, கண்ணில் நீர் அழுத்தம், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்கடை மதுரை

அப்போ பிரிகாபலின் வேண்டாமா மேடம்? அமெரிக்காவில் 2007-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்களே.

வாதப்பிரிவு

கொடுத்தார்கள் தம்பி. ஐரோப்பாவில் இந்த நோய்க்கு அனுமதி கொடுக்கவில்லை, அதே ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத்தான். மாவு மாத்திரையோடு ஒப்பிட்டால், வலி பாதியாகக் குறைகிறவர்கள் பத்துப் பேருக்கு ஒருவர்தான் கூடுதல். அந்த ஒருவருக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. மற்ற ஒன்பது பேரில் சிலருக்குத் தலைசுற்றல், எடை ஏற்றம், கால் வீக்கம் மிச்சம். ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கும் கத்திக்கும் பக்கத்தில் விரல் வைத்து வேலை செய்கிறவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமா? சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அந்தக் கிளினிக் ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அழற்சியே இல்லாத இடத்தில் ஸ்டீராய்டுக்கு வேலை இல்லை. இந்த நோயில் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பலன் இல்லை. போட்டுக்கொண்டே போனால் சர்க்கரை, எலும்பு இரண்டும் கெடும்.

ஓவர்லாக் அக்கா

குறட்டை இல்லை, கொழுப்பு மாத்திரை இல்லை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 82, கால்சியம் 9.4, பாஸ்பரஸும் நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. படி ஏறினால் வலிக்கும், ஆனால் ஏற முடிகிறது.

டாக்டர் உடற்பயிற்சி என்று எழுதியிருக்கிறார். போன முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்ததே என்று வீட்டை முழுசாகக் கழுவி, பெட்ஷீட் எல்லாம் துவைத்து, சாயங்காலம் நடக்கவும் போனேன். திங்கள் எழ முடியாமல் லீவு போட்டேன், ஒரு நாள் சம்பளம் போச்சு. அப்புறம் உடற்பயிற்சி என்றாலே பயமாக இருக்கிறது.

பழைய பிசியோ

ஞாயிறு கழுவி, திங்கள் படுக்கை. இந்தக் கதையை நான் கேட்காத வாரமே இல்லை. ஐரோப்பிய வாதவியல் அமைப்பு 2016-ல் புதுப்பித்த பரிந்துரைகளில் உறுதியாகச் சிபாரிசு செய்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான், மாத்திரைகளுக்கெல்லாம் அரைமனசுச் சிபாரிசுதான். ஆனால் சீட்டில் நடங்கள் என்று எழுதிவிட்டு எவ்வளவு என்று எழுத மாட்டார்கள், அங்கேதான் கெடுகிறது.

அம்மா, உங்கள் மோசமான நாளிலும் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? ஐந்து நிமிஷம் என்றால் ஐந்திலிருந்து தொடங்குங்கள். நல்ல நாளிலும் அதே ஐந்துதான், இதுதான் கஷ்டம். இரண்டு வாரம் அப்படியே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஏற்றுங்கள். ஏற்றின மறுநாள் வலி கொஞ்சம் கூடும். ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வந்தால் அதே அளவில் தொடரலாம். மூன்று நாள் தாண்டியும் இறங்கவில்லை என்றால் பழைய நிமிஷத்துக்குத் திரும்புங்கள், நிறுத்திவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்கு வர பல மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வேலையை மூன்று நாளாகப் பிரியுங்கள், பெட்ஷீட் புதன்கிழமை காயலாம்.

வேலையில் பண்டல் முடிகிற ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று தோளை இறக்கிவிட்டு உட்காருங்கள். ஒன்றரை ஷிப்டு பார்க்கிறீர்களா?

ஓவர்லாக் அக்கா

ஷிப்மென்ட் வாரத்தில் ஒன்றரை ஷிப்டுதான் சார். வேண்டாம் என்றால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். எழுந்து நின்றால் லைன் சூப்பர்வைசர் பார்ப்பார்.

பழைய பிசியோ

அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. அந்த வாரங்களில் நடையை ஏற்றாமல் வையுங்கள்.

ஸ்கார்பரோ வாசி

பேர் வைக்கிறதே பிழை எண்டு சில டொக்டர்மார் சொல்லினம், பேர் வைச்சா ஆள் நோயாளியாகவே இருந்திடுமாம். எனக்கு மறுவளம். பேர் தெரியுமட்டும் புற்றுநோயோ எண்டு ஒவ்வொரு ஸ்கானா ஓடினன்.

நேர்ப்பேச்சு

நான் அந்த டாக்டர்கள் பக்கம். எங்கள் சித்திக்கு யாரும் பேர் வைக்கவில்லை, அதனால்தான் தப்பித்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். மைக்செட் விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கொங்குத் தம்பி

மேடம், அம்மாவிடம் கேட்டேன். நான்கு நாளாக இடது நெற்றிப்பொட்டில் வலி, சாப்பிடும்போது தாடை வலிக்கிறது என்கிறார். பல் வலி என்று நினைத்துச் சொல்லவில்லையாம். பார்வை சரியாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன், போதுமா?

வாதப்பிரிவு

போதாது. இப்போதே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இஎஸ்ஆர் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றிப்பொட்டு வலி, தாடை வலி, வயது 68 இந்த மூன்றையும் வாசலிலேயே சொல்லுங்கள். ரத்தக்குழாய் சோதனைக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.